8033 என்பது கார்பன்-14இன் அரை ஆயுளா, சராசரி ஆயுளா?

மாரிட்ஸ்பர்க் மாணவி

அனைவருக்கும் வணக்கம். நான் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் தொல்லியல் படித்து வருகிறேன். பாறைக்குகை ஒன்றின் பழைய அடுப்படியில் கிடைத்த கரித்துண்டின் வயதைக் கணிக்கும் பயிற்சி எங்களுக்குக் கொடுக்கப்பட்டது. புதிய கரியில் இருக்க வேண்டிய கார்பன்-14இல் 0.75 பங்கு அதில் எஞ்சியிருக்கிறது என்பது மட்டுமே கொடுக்கப்பட்ட தரவு. அதனுடன் தந்த விரிதாளில் 8033 என்ற எண் "ஆயுள்" என்ற தலைப்பின் கீழ் இருந்தது. வேறு விளக்கம் எதுவும் இல்லை.

நான் 8033ஐ அரை ஆயுள் என்று எடுத்துக்கொண்டு கணக்கிட்டதில் 3334 ஆண்டுகள் வந்தது. என் தோழி எங்கோ படித்த 5568ஐ எடுத்து, 0.75இன் இயல் மடக்கையால் பெருக்கி 1602 ஆண்டுகள் என்றாள். மூன்றாவதாக ஒருவர் 2311 என்கிறார். ஒரே கரித்துண்டுக்கு மூன்று வயது வர முடியாது. தவறு எங்கே என்பதை விட, அதை நானே எப்படிக் கண்டுபிடித்திருக்க முடியும் என்பதைத்தான் அறிய விரும்புகிறேன்.

சாட்ஸ்வொர்த்வாசி

தங்கச்சி, நான் கணக்கராக வேலை செய்பவன். இயற்பியல் பள்ளியோடு நின்றுவிட்டது. இருந்தாலும் இது எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. 8033 என்பது சராசரி ஆயுள். சராசரி என்றால் நடு. பாதி அணுக்கள் அதற்கு முன்பும் பாதி அணுக்கள் அதற்குப் பின்பும் சிதையும். ஆகவே சராசரி ஆயுளும் அரை ஆயுளும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். 8033, 5568, 5730 என்று மூன்று எண்கள் இருப்பது வெவ்வேறு காலத்து அளவீடுகளால் வந்ததாக இருக்கும். பாடநூலில் உள்ள 5730ஐ எடுத்துக்கொண்டு கணக்கிடுங்கள். எனக்கு 2378 வருகிறது. அப்படியானால் உங்கள் மூவர் விடையுமே தவறு.

தோங்காட் முதியவர்

மகளே, 2311 என்று சொன்னவர் சொன்னது சரி. சாட்ஸ்வொர்த் தம்பி ஒன்றைச் சரியாகப் பிடித்திருக்கிறார்: 8033 சராசரி ஆயுள்தான். ஆனால் சராசரியும் நடுவும் ஒன்று என்று அவர் வைத்துக்கொண்டதால் அடுத்த அடி தவறிவிட்டது. கதிரியக்கத்தை எண்ணும் கருவிகளோடு நான் பல ஆண்டுகள் வேலை செய்தவன். இந்தக் குழப்பத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். அதனால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

கதிரியக்க அணுவுக்கு முதுமை கிடையாது. ஆயிரம் ஆண்டுகளாகச் சிதையாமல் இருக்கும் கார்பன்-14 அணுவும், நேற்று வான்மண்டலத்தில் பிறந்த அணுவும், அடுத்த ஓர் ஆண்டில் சிதைவதற்கு ஒரே வாய்ப்பைத்தான் கொண்டிருக்கின்றன. இந்த ஒரு பண்பை வைத்துக்கொண்டே, வகைநுண்கணிதம் இல்லாமல், இரண்டு ஆயுள்களுக்கும் உள்ள உறவைப் பார்த்துவிடலாம்.

அரை ஆயுளை T என்போம், சராசரி ஆயுளை τ என்போம். முதல் T காலத்துக்குள் பாதி அணுக்கள் சிதைந்துவிடுகின்றன. மீதிப் பாதி T வரை பிழைத்திருக்கின்றன. அவற்றுக்கு முதுமை இல்லையாதலால், அந்த நொடியிலிருந்து அவை மேலும் சராசரியாக τ காலம் வாழும். அதாவது அவற்றின் மொத்த ஆயுளின் சராசரி T + τ. முதல் பாதியில் சிதைந்தவற்றின் சராசரி ஆயுளை m என்று வைத்தால், எல்லா அணுக்களுக்குமான சராசரி, m, T + τ ஆகிய இரண்டின் நடுவாகும். τ = (m + T + τ)/2 என்பதைச் சுருக்கினால் τ = T + m என்று வருகிறது. m சுழியை விடப் பெரிது என்பதால் சராசரி ஆயுள் எப்போதும் அரை ஆயுளைவிட நீண்டது. மேலும், தொடக்கத்தில் அணுக்கள் அதிகமாக இருப்பதால் சிதைவும் அப்போதுதான் அதிகம். ஆகவே m என்பது T-இன் பாதியை விடச் சற்றுக் குறைவு. இதனால் τ, T-இன் ஒரு மடங்குக்கும் ஒன்றரை மடங்குக்கும் இடையில், ஒன்றரைக்கு அருகில் இருக்க வேண்டும். துல்லியமான மதிப்பு 1.4427 மடங்கு.

```
λ = ln2 / T = 0.6931 / T
τ = 1 / λ  = T / 0.6931 = 1.4427 × T
```

இதில் λ என்பது சிதைவு மாறிலி. இப்போது உன் எண்ணைப் பார். 8033ஐ 0.6931ஆல் பெருக்கினால் 5568 வருகிறது. உன் தோழி படித்த எண் அதுவேதான். ஆக 8033உம் 5568உம் வெவ்வேறு அளவீடுகள் அல்ல. ஒரே அளவீட்டின் இரண்டு முகங்கள்.

விதி எளிது. இயல் மடக்கையோடு சராசரி ஆயுள் வரும். இரண்டின் அடுக்கோடு அரை ஆயுள் வரும். 0.75இன் இயல் மடக்கை −0.28768, அதன் குறியை மாற்றி 8033ஆல் பெருக்கினால் 2311. வேறு வழியில், எத்தனை அரை ஆயுள்கள் கடந்தன என்று கேட்டால் 0.28768 ÷ 0.6931 = 0.41504, அதை 5568ஆல் பெருக்கினாலும் 2311தான். நீ 0.41504ஐ 8033ஆல் பெருக்கினாய், தோழி 0.28768ஐ 5568ஆல் பெருக்கினாள். இருவரும் சரியான எண்ணைத் தவறான துணையோடு சேர்த்துவிட்டீர்கள்.

நீ கேட்ட முக்கியக் கேள்விக்கு விடை இதிலேயே இருக்கிறது. 3334ஐ 2311ஆல் வகுத்துப் பார், 1.44 வரும். 1602ஐ 2311ஆல் வகுத்தால் 0.69. இரண்டு பேருடைய விடைகளின் விகிதம் 1.44 ஆகவோ 0.69 ஆகவோ இருந்தால், கரியையும் கருவியையும் சந்தேகிக்கும் முன் ஆயுள் மாறிப்போனதா என்று பார்க்க வேண்டும். இரண்டு தவறுகளும் எதிரெதிராக நடந்திருந்தால் விகிதம் ஏறத்தாழ இரண்டாக இருக்கும்; 3334 ÷ 1602 = 2.08. அதைப் பார்த்து யாரோ ஓர் இரண்டால் பெருக்கிவிட்டார் என்று நினைத்து வேறு இடத்தில் தேடுவது எளிதில் நேரக்கூடியது.

ஃபீனிக்ஸ் அம்மா

மன்னிக்கவும், உங்கள் பேச்சின் இடையே வருகிறேன். எனக்குத் தைராய்டு நோய்க்காக அயோடின்-131 கொடுத்தார்கள். தந்த தாளில் ஓர் இடத்தில் 8 நாள் என்றும் இன்னோர் இடத்தில் 11.6 நாள் என்றும் இருந்தது. அச்சுப்பிழை என்று நினைத்து அப்போது விட்டுவிட்டேன். எட்டு நாளில் பாதி என்றால் பதினாறு நாளில் முழுவதும் போய்விடும் என்றுதான் நான் வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வைத்தேன். 11.6 என்பது அந்தச் சராசரி ஆயுளா, ஐயா? அப்படியென்றால் 11.6 நாளில் எவ்வளவு மிச்சம் இருக்கும்?

தோங்காட் முதியவர்

ஆம் அம்மா, அதுதான். அயோடின்-131இன் அரை ஆயுள் 8.02 நாள், 0.6931ஆல் வகுத்தால் 11.57 நாள். அச்சுப்பிழை அல்ல, ஆனால் எது எது என்று பெயர் எழுதாமல் விட்டது குறைதான்.

பதினாறு நாளில் முழுவதும் போகாது. முதல் எட்டு நாளில் பாதி போகும். அடுத்த எட்டு நாளில் எஞ்சிய பாதியின் பாதி போகும். ஆகவே கால் பங்கு இருக்கும். சராசரி ஆயுளான 11.57 நாளில் 36.8 விழுக்காடு எஞ்சியிருக்கும். எந்தக் கதிரியக்கப் பொருளுக்கும் அந்த எண் இதேதான்.

அந்த 11.57 நாளுக்குப் பயன் வேறு. முதல் நாளில் இருந்த வேகத்திலேயே, வேகம் குறையாமல் சிதைவு நடந்துகொண்டே போனால், எல்லா அணுக்களும் 11.57 நாளில் தீர்ந்துவிடும். உண்மையில் வேகம் குறைந்துகொண்டே வருவதால் அப்படித் தீர்வதில்லை. ஆனால் மொத்தம் எத்தனை சிதைவுகள் நடக்கும் என்று கணக்கிட, தொடக்க வேகத்தைச் சராசரி ஆயுளால் பெருக்கினால் போதும். அரை ஆயுளால் பெருக்கினால் கணக்கு முப்பது விழுக்காட்டுக்கு மேல் குறைந்துவிடும்.

ஒன்று சேர்க்க வேண்டும். இவை குப்பியில் வைத்த அயோடினுக்கான எண்கள். உடலில் இருப்பது சிறுநீர் வழியாகவும் வெளியேறுவதால் இன்னும் விரைவாகக் குறையும். அங்கே கூட்ட வேண்டியவை ஆயுள்கள் அல்ல, மாறிலிகள். எடுத்துக்காட்டாக, ஓர் உறுப்பிலிருந்து பாதி வெளியேற 80 நாள் ஆகும் என்று வைத்துக்கொண்டால், அதன் மாறிலி நாளுக்கு 0.0087, கதிரியக்கச் சிதைவின் மாறிலி நாளுக்கு 0.0864. கூட்டினால் 0.0951, அதற்குரிய அரை ஆயுள் 7.3 நாள். உங்களுக்கு எது பொருந்தும் என்பதை உங்கள் மருத்துவமனைதான் சொல்ல வேண்டும். நான் கணக்கின் வழியை மட்டுமே சொல்கிறேன்.

சாட்ஸ்வொர்த்வாசி

ஐயா, "முதுமை இல்லை" என்ற ஒரு சொல்லில் எனக்குப் புரிந்துவிட்டது. நான் மனிதர்களின் ஆயுளைப் போல நினைத்துக்கொண்டேன். நடுவில் பாதிப் பேர் போய்விட்டாலும், மிக நெடுங்காலம் நிற்கும் சிலர் சராசரியை மேலே இழுக்கிறார்கள். சம்பளக் கணக்கில் நான் தினமும் பார்ப்பதுதான் இது.

அப்படியானால் λ என்பது வட்டி விகிதம் போன்றது என்று கொள்ளலாமா? அயோடினுக்கு நாளுக்கு 0.0864 என்றால், ஒவ்வொரு நாளும் 8.64 விழுக்காடு கழிகிறது.

போர்ட்லூயி ஆசிரியர்

மொரீஷியஸிலிருந்து எழுதுகிறேன். வட்டி உவமை நல்லது, ஆனால் அது நொடிக்கு நொடி கூட்டப்படும் வட்டி. காலையில் உள்ள அணுக்களைக் கொண்டு நீங்கள் 8.64 விழுக்காடு என்கிறீர்கள். நண்பகலுக்குள் அணுக்கள் குறைந்துவிடுவதால் பிற்பகலில் சிதைவும் குறைகிறது. ஒரு நாள் முடிவில் உண்மையில் கழிந்திருப்பது 8.28 விழுக்காடு. வித்தியாசம் சிறிது என்பதால் பலர் கவனிப்பதில்லை.

என் மாணவர்களிடம் நான் டெக்னீசியம்-99m-ஐக் கணக்கிடச் சொல்வேன். அரை ஆயுள் 6.01 மணி, λ மணிக்கு 0.1153. அதையே நாளுக்கு மாற்றினால் 2.77 வருகிறது. நாளுக்கு 277 விழுக்காடு கழிகிறது என்று சொல்ல முடியாதல்லவா? λ என்பது பங்கு அல்ல, வேகம் என்பது அங்கே தானாகப் புரிந்துவிடும். ஒரு நாளில் எஞ்சுவது 6.3 விழுக்காடு.

மாணவிக்கு இன்னொன்று. எந்த அட்டவணையைத் திறக்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். அணுக்கரு அட்டவணைகள் பெரும்பாலும் அரை ஆயுளைத் தருகின்றன. துகள் இயற்பியல் அட்டவணைகள் சராசரி ஆயுளைத் தருகின்றன. மியூவானுக்கு 2.197 மைக்ரோநொடி என்று காண்பது சராசரி ஆயுள். அதன் அரை ஆயுள் 1.523 மைக்ரோநொடி. இரண்டையும் ஒரே வகுப்பில் நடத்தும்போது இந்த வழக்க வேறுபாட்டைச் சொல்லாவிட்டால் குழந்தைகள் இடறுகிறார்கள். என் கருத்தில் பள்ளியிலேயே சராசரி ஆயுளை முதலில் கற்பித்துவிட்டு அரை ஆயுளைப் பிறகு சொல்லலாம்.

தோங்காட் முதியவர்

கடைசிக் கருத்தில் நான் உடன்படவில்லை, ஆசிரியரே. தாளில் வரைந்த கோட்டில் பாதியாகக் குறையும் இடத்தைச் சிறுபிள்ளையும் விரல் வைத்துக் காட்டும்; 36.8 விழுக்காட்டைக் காட்டாது. மற்ற அனைத்தையும் ஒப்புக்கொள்கிறேன்.

மாரிட்ஸ்பர்க் மாணவி

தாத்தா, மிக்க நன்றி. விகிதத்தை வைத்துத் தவறைக் கண்டுபிடிப்பது எனக்கு உடனே பயன்பட்டது. சென்ற வாரப் பயிற்சியிலும் இரண்டு விடைகள் 1.44 விகிதத்தில் இருந்ததைக் கண்டேன்.

ஆனால் 5730 எங்கே போயிற்று? அண்ணன் சொன்ன 2378ஐ ஏன் தவறு என்கிறீர்கள்? பாடநூலில் இருப்பது 5730 தானே.

தோங்காட் முதியவர்

நல்ல இடத்தில் நின்று கேட்டிருக்கிறாய். 5730 கார்பன்-14இன் உண்மையான அரை ஆயுளுக்கு மிக நெருக்கமான எண். அதன் சராசரி ஆயுள் 8267 ஆண்டு. 5568 என்பது, இந்த முறையை உருவாக்கி 1960இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்ற வில்லார்ட் லிபியின் காலத்து மதிப்பு. 1962இல் கேம்பிரிட்ஜில் கூடிய ஆய்வாளர்கள் 5730ஐச் சிறந்த மதிப்பு என்று ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் வயதுகளை மட்டும் 5568ஐக் கொண்டே வெளியிடுவது என்று முடிவு செய்தார்கள். அதற்குள் ஏராளமான வயதுகள் பழைய எண்ணில் அச்சாகிவிட்டன. பாதி ஒன்றிலும் பாதி இன்னொன்றிலும் இருந்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

ஆகவே 2311 என்பது வழக்கப்படியான கதிரியக்கக் கார்பன் வயது. நாட்காட்டி ஆண்டு அல்ல. அதை நம் தென்கோளத்துக்குரிய அளவுத்திருத்த வளைகோட்டில் வைத்துத்தான் நாட்காட்டி ஆண்டைப் பெறுகிறோம். அந்த வளைகோடும் லிபியின் எண்ணில் சொன்ன வயதையே எதிர்பார்க்கிறது. 2378ஐ அதில் இட்டால் ஏறத்தாழ மூன்று விழுக்காடு பிழை சத்தமில்லாமல் உள்ளே போய்விடும். 8267 ÷ 8033 = 1.029, இந்த விகிதத்தைக் கண்டால் ஆயுள் மாறவில்லை, மரபு மாறியது என்று அறிந்துகொள்ளலாம்.

ஆனால் எத்தனை சிதைவுகளைக் கருவி எண்ண வேண்டும் என்று கேட்டால், அங்கே மரபுக்கு இடமில்லை. உண்மையான எண்ணே வேண்டும். ஒரு கிராம் கார்பனில் 5.01 × 10²² அணுக்கள் உள்ளன. புதிய கரியில் அவற்றில் 1.18 × 10⁻¹² பங்கு கார்பன்-14 என்று எடுத்தால், 5.92 × 10¹⁰ அணுக்கள். சிதைவின் வேகம், அணுக்களின் எண்ணிக்கையைச் சராசரி ஆயுளால் வகுத்தது. 8267 ஆண்டை நிமிடங்களாக்க 525960ஆல் பெருக்கு; 4.35 × 10⁹ வரும். வகுத்தால் நிமிடத்துக்கு 13.6 சிதைவுகள். 8033ஐப் பயன்படுத்தினால் 14.0 என்று வரும். அரை ஆயுளான 5730ஐயே வகுக்கும் எண்ணாக வைத்துவிட்டால் 19.6 வரும், அது 13.6இன் 1.44 மடங்கு என்பதை இப்போது நீயே பார்த்துவிடுவாய்.

சாட்ஸ்வொர்த்வாசி

ஒரு கேள்வி, ஐயா, வாதத்துக்காக அல்ல. அந்த 1.18 என்ற பங்கை எப்படிக் கண்டார்கள்? எண்ணிய சிதைவுகளை அரை ஆயுளோடு சேர்த்துத்தான் கண்டார்கள் என்றால், 13.6 வந்தது சரிபார்ப்பு ஆகாதே. போட்ட பணத்தையே வருமானம் என்று காட்டுவது போலிருக்கும்.

தோங்காட் முதியவர்

தம்பி, சரியான இடத்தில் பிடித்தீர்கள். அந்தப் பங்கு சிதைவு வேகத்திலிருந்து பின்னோக்கிப் பெறப்பட்டதாக இருந்தால், என் கணக்கு மாற்றும் வழியைக் காட்டுகிறதே தவிர 5730ஐ நிறுவவில்லை. தனிச்சான்று வேண்டுமானால், முடுக்கி நிறைமாலைமானியில் அணுக்களை நேரடியாக எண்ணியும், அதே பொருளில் சிதைவைத் தனியாக எண்ணியும் ஒப்பிட வேண்டும். அதிலும் கருவியின் திறனைத் திருத்தும் சிக்கல் உண்டு. 5730க்கே ± 40 என்ற இடைவெளி உண்டு. சில தரவுத் தொகுப்புகள் இப்போது 5700 ± 30 என்று தருகின்றன. அதை எடுத்தால் சராசரி ஆயுள் 8223. எது இறுதியில் நிற்கும் என்று என்னால் சொல்ல முடியாது. வயதுகள் லிபியின் எண்ணில் வெளியிடப்படுவதாலும் அளவுத்திருத்தம் செய்யப்படுவதாலும், மகளின் கரித்துண்டை அது பாதிக்காது.

ஃபீனிக்ஸ் அம்மா

எனக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் பதினாறு நாள் என்று சொல்லி வைத்ததை இன்று என் மருமகளிடம் திருத்திச் சொல்லிவிட்டேன்.

மாரிட்ஸ்பர்க் மாணவி

விரிதாளைத் திறந்து பார்த்தேன், தாத்தா. வயதுக்கான அறையில் 8033 இயல் மடக்கையோடுதான் இருக்கிறது, அது சரி. ஆனால் எதிர்பார்க்கும் எண்ணிக்கைக்கான அறையும் அதே 8033ஐ எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் எங்களுக்கு 14.0 வந்துகொண்டிருந்தது. எங்கள் கருவி சற்றுக் குறைவாக எண்ணுகிறது என்று இதுவரை நினைத்திருந்தோம். இரண்டாவது அறைக்கு 8267 என்று தனி எண்ணை இட்டு, முதல் அறையின் தலைப்பை "சராசரி ஆயுள், லிபி மரபு, ஆண்டு" என்றும் அடுத்ததை "சராசரி ஆயுள், அளந்தது, ஆண்டு" என்றும் மாற்றியிருக்கிறேன். திங்கட்கிழமை விரிவுரையாளரிடம் காட்டுவேன். 5700ஐ எடுக்கலாமா என்று அவர் கேட்டால் என்ன சொல்வது என்பது மட்டும் இன்னும் தெரியவில்லை.